டிவியில் எழுத்து மட்டும் ஏன் மசமசக்கிறது?

வடசென்னையின் சின்ன வீடுகளில் ஒரு மேசை போடவே இடம் தேட வேண்டியிருக்கும். ஹால் சுவரில் 43 இன்ச் 4கே டிவி ஏற்கெனவே தொங்கும்போது மானிட்டருக்கென்று தனியாகச் செலவழிப்பானேன் என்று சிபியூவை அதிலேயே சொருகிவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் சொருகியதும் வருகிற முதல் புகார் கேமைப் பற்றியதாக இருப்பதில்லை. படம் பளிச்சென்று இருக்கிறது, எழுத்து மட்டும் சரியில்லை என்பார்கள்.

வியாசர்பாடியில் தெரிந்த பையன் ஒருவனுடைய நிலைமையும் அதுதான். பகலில் துறைமுகச் சரக்குக் கணக்குகளை வீட்டிலிருந்தே எக்செல்லில் போடுகிற வேலை, ராத்திரியில் ஃபுட்பால் கேம். கம்ப்யூட்டரில் ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, டிவி 60 ஹெர்ட்ஸ். நான் போவதற்குள் எல்லோரும் செய்கிற முதல் தவறை அவனும் செய்திருந்தான்: ஷார்ப்னஸை ஏற்றியிருந்தான். அதனால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு கோடு கூடியதே தவிர, தெளிவு கூடவில்லை.

“கண்ணுதான் போச்சோன்னு பயந்துட்டேண்ணா.”

கண்ணில் கோளாறு இல்லை. அவனுடைய ஷீட்டே அதைக் காட்டிக்கொடுத்தது. வெள்ளைக் கட்டத்தில் கறுப்பு எண்கள் ஓரளவு படிக்க முடிந்தன. நீல நிறம் பூசிய கட்டத்தில் பாக்கித் தொகை சிவப்பில் இருந்தது. அங்கே 6, 8, 9 மூன்றும் ஒரே பூச்சாகத் தெரிந்தன. சிவப்பு எழுத்து நீலப் பின்னணியில் கரைந்தால் குரோமா சப்சாம்ப்ளிங்கை, அதாவது வண்ணத் தகவலைக் குறைத்து அனுப்புகிற முறையைச் சந்தேகிக்கலாம். பெயிண்ட் திறந்து, நீலத்தின் மேல் சிவப்பில் சின்னதாக நாலு வரி தட்டி, 100 சதவீத அளவில் பார்த்தால் எந்த வீட்டிலும் இதைச் சோதித்துவிடலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்காவது அனுப்பிக் கேட்பதில் பயனில்லை. அது கம்ப்யூட்டருக்குள்ளேயே எடுக்கப்படுவது, கேபிளில் நடப்பது அதில் விழாது. அனுப்பினால் “நல்லாத்தானே இருக்கு” என்றுதான் பதில் வரும்.

நடப்பது இதுதான். படத்தின் வெளிச்சத்தையும் வண்ணத்தையும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பலாம். வண்ணத்தில் இருக்கிற நுணுக்கம் நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதால், வண்ணத் தகவலைக் குறைத்து இடத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். 4:4:4 என்றால் ஒவ்வொரு பிக்சலுக்கும் அதன் சொந்த வண்ணம். 4:2:2 என்றால் பக்கத்துப் பக்கத்து இரண்டு பிக்சலுக்கு ஒரு வண்ணம். 4:2:0 என்றால் இரண்டுக்கு இரண்டு என்ற சதுரத்தில் நாலு பிக்சலுக்கும் சேர்த்து ஒன்று. சினிமாவுக்கு இது போதும், ஓடிடி படங்களும் 4:2:0-வில்தான் பெரும்பாலும் வருகின்றன. ஆனால் ஓர் எழுத்தின் கோடு ஒன்றிரண்டு பிக்சல் தடிமன்தான். அதன் வண்ணத்தைப் பக்கத்துப் பிக்சலோடு பங்கு போட்டால் கோடு அழியாமல் என்ன செய்யும்? விண்டோஸின் கிளியர்டைப் எழுத்தின் ஓரங்களில் மெல்லிய வண்ணம் வைத்துத்தான் கூர்மை காட்டுகிறது. அதனால் கறுப்பு எழுத்தும் கொஞ்சம் அடி வாங்கும்.

கம்ப்யூட்டர் ஏன் 4:2:0-வைத் தேர்ந்தெடுத்தது? ஒரு சின்னக் கணக்கு போட்டால் விளங்கும். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப, வரிகளுக்கும் படங்களுக்கும் நடுவே விடுகிற இடைவெளிகளையும் சேர்த்து, நொடிக்கு 59.4 கோடி பிக்சல் போக வேண்டும். மூன்று வண்ணத்துக்கும் 8 பிட் வீதம் பிக்சலுக்கு 24 பிட் என்றால் ஏறக்குறைய 14.26 ஜிகாபிட். ஹெச்டிஎம்ஐ 2.0-வின் கொள்ளளவு 18 ஜிகாபிட் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் கம்பியில் போகிற ஒவ்வொரு 10 பிட்டிலும் 8 தான் படம், ஆக நிஜத்தில் 14.4. மயிரிழையில் இடம் பிடித்துவிடுகிறது. பழைய 1.4-இல் நிஜக் கொள்ளளவு 8.16 தான். அதில் முழு வண்ணத்தோடு 4கே வேண்டுமானால் 30 ஹெர்ட்ஸ், 60 வேண்டுமானால் பாதி எடையுள்ள 4:2:0. 30-க்கு இறங்கினால் எழுத்து தெளிந்துவிடும், மௌஸ் இழுவையாகிவிடும். இதைத் தீர்வு என்று நினைத்து நிற்பது இரண்டாவது தவறு.

அவனுடைய கார்டும் டிவியும் 2.0 வகைதான். ஆனாலும் பழைய பெட்டிகளோடு மல்லுக்கட்டாமல் இருக்க, பல டிவிகள் தங்கள் முழுத் திறனை மூடியே வைத்திருக்கும். கம்ப்யூட்டர் கேட்டால், 1.4 அளவுதான் எனக்கு முடியும் என்று பதில் சொல்லும். அதைத் திறக்கிற செட்டிங் சாம்சங்கில் `Input Signal Plus`, எல்ஜியில் `HDMI Deep Colour`, சோனியில் `Enhanced format` போன்ற பெயர்களில் இருக்கும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். சிபியூ 2-ஆம் போர்ட்டில் இருக்க, 1-ஆம் போர்ட்டுக்குப் போட்டுவிட்டு மாற்றமே இல்லை என்று திட்டுபவர்கள் உண்டு.

அதைப் போட்டதும் டிவி ஒரு நொடி இருண்டு திரும்ப வந்தது. அப்புறம் என்விடியா கன்ட்ரோல் பேனலில், `Change resolution` பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ், `Output color format` என்பதில் `RGB`, `Output color depth` என்பதில் 8 பிட், `Output dynamic range` என்பதில் `Full`. முன்பு அந்தப் பட்டியலில் 60 ஹெர்ட்ஸுக்கு `RGB` வரவே இல்லை, இப்போது வந்தது. எண்கள் பாதிதான் தெளிந்தன. ஏனென்றால் கம்ப்யூட்டர் முழு வண்ணம் அனுப்பினாலும், டிவி தன் உள்ளே படத்தை மெருகேற்றும்போது மறுபடியும் குறைத்துவிடக்கூடும். பல டிவிகளில் அந்த இன்புட்டின் பெயரையோ ஐகானையோ `PC` என்று மாற்றினால்தான் அந்த மெருகேற்றல் நிற்கும். மாற்றினோம், ஷார்ப்னஸையும் இறக்கினோம். நீலக் கட்டத்தில் 6-உம் 8-உம் பிரிந்தன.

வெளிச்ச இருட்டு வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுகிற எச்டிஆரை எப்போதும் போட்டே வைப்பது அடுத்த தவறு. எச்டிஆருக்கு 10 பிட் வேண்டும். அதே 59.4 கோடியை 30 பிட்டால் பெருக்கினால் 17.8 ஜிகாபிட், 14.4-க்குள் அடங்காது. அதனால் 4:2:2-க்கு இறங்கிவிடக்கூடும், இறங்கினால் எழுத்து மறுபடி கலங்கும். கேம் ஆடும்போது மட்டும் போட்டுக்கொள்ளட்டும்.

ஹெச்டிஎம்ஐ 2.1 என்று அட்டையில் எழுதியிருந்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் நம்ப வேண்டாம். அந்த வரையறையில் 48 ஜிகாபிட், 120 ஹெர்ட்ஸ் எல்லாம் கட்டாயமில்லை. 60 ஹெர்ட்ஸ் பேனல் டிவிகூட அந்தப் பெயரில் விற்கலாம். வாங்குமுன் “4கே 120 எந்தப் போர்ட்டில் வருது?” என்று கேளுங்கள். நாலு போர்ட்டில் இரண்டில் மட்டும் வருகிற டிவிகள் நிறைய. கேபிள் விஷயத்தில் அடையாளம் எளிது: 18 ஜிகாபிட் தாங்காத கேபிளில் படம் விட்டு விட்டு இருளும் அல்லது புள்ளி புள்ளியாக மின்னும். எழுத்து மட்டும் மங்கினால் அது கேபிளின் குற்றமல்ல, புதுக் கேபிளுக்குக் காசு விட வேண்டாம்.

கடைசியாக கேம் மோட். தெருவில் நிஜப் பந்தை உதைத்து வளர்ந்த பையன், பாஸ் லேட்டாகப் போவதைச் சட்டென்று கண்டுபிடித்துவிட்டான். படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்கிற நேரம்தான் அந்தத் தாமதம். கேம் மோட் இல்லாமல் பல டிவிகளில் 50 மில்லிசெகண்டைத் தாண்டும். போட்டால் 10, 20-க்கு இறங்கும். கன்சோல் சொருகினால் சில டிவிகள் தானாகவே அதற்கு மாறும், கம்ப்யூட்டரில் பெரும்பாலும் கையால்தான் போட வேண்டும். போட்டபின் சிவப்பு-நீலச் சோதனையை இன்னொரு தடவை செய்துவிடுங்கள். சில மாடல்களில் கேம் மோட் போட்டதும் `PC` அமைப்பின் முழு வண்ணம் போய்விடும். அப்படியானால் பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

“அம்மா சீரியல் பாக்கும்போது கலர் மாறிடுமாண்ணா?” என்று கேட்டான். அவன் டிவியில் இந்த அமைப்புகள் இன்புட் வாரியாகத்தான் பதிகின்றன. செட்டாப் பாக்ஸ் இருக்கும் போர்ட்டை நாங்கள் தொடவே இல்லை.