பெரியவர் படத்தை வைத்துப் பணம் கேட்கும் போலிக் கணக்கு: புகார் பொத்தானைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் பள்ளியின் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரை நாங்கள் எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு ஞாயிறு காலை 7.40க்கு அவர் பெயரில், அவர் படத்தோடு எனக்கு மெசஞ்சரில் ஒரு செய்தி வந்தது. "எப்படி இருக்கிறாய்? ஒரு சிறு உதவி வேண்டும். என் வங்கிச் செயலி வேலை செய்யவில்லை, ஒருவருக்கு அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டும், நாளை காலை திருப்பித் தருகிறேன்." ஐயா என்னை ஒருநாளும் பெயர் சொல்லாமல், தம்பி என்று சொல்லாமல் பேசியதில்லை. அதனால் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் அதே செய்தி போன பழைய மாணவி ஒருவர் அதற்குள் பணம் அனுப்பியிருந்தார்.

அன்று மாலைக்குள் அந்தக் கணக்கை நீக்க வைத்தோம். வழியில் செய்த இரண்டு தவறுகளால் பல மணி நேரம் வீணானது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். அதிகாரி, மருத்துவர், ஆசிரியர், சமயப் பெரியவர் என்று யார் படம் திருடப்பட்டாலும் வழி இதுதான்.

1. பணம் போயிருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு

கணக்கை முடக்குவதெல்லாம் இதற்குப் பிறகுதான். பணம் அனுப்பியவர் தன் வங்கியின் மோசடிப் புகார் எண்ணை உடனே அழைத்து, பரிமாற்ற எண், நேரம், தொகை, பணம் போன கணக்கு ஆகிய நான்கையும் சொல்ல வேண்டும். மோசடிக்காரர்கள் வந்த பணத்தை உடனே வேறு கணக்குகளுக்கு மாற்றிவிடுவார்கள். அதற்கு முன் அது எங்காவது நின்றால்தான் பிடிக்க முடியும். அதன் பிறகு உங்கள் ஊர்க் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு. வங்கி தரும் புகார் எண்ணை அங்கேயும் கொடுங்கள்.

இன்னொன்று. "நீ போலி என்று தெரிந்துவிட்டது" என்று அந்த ஆளிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்ன அடுத்த நிமிடம் உங்களைத் தடுத்துவிடுவார். அப்புறம் அந்தப் பக்கமே உங்களுக்குத் திறக்காது.

2. பெயரை விடுங்கள், இணைப்பைப் பிடியுங்கள்

நாங்கள் சறுக்கியது இங்கேதான். "ஐயா பெயரில் போலிக் கணக்கு வந்திருக்கிறது, எல்லோரும் புகார் கொடுங்கள்" என்று பழைய மாணவர் குழுவில் போட்டேன். எல்லோரும் முகநூலில் ஐயாவின் பெயரைத் தேடினார்கள். ஒருவர் பெருமையாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார்: "புகார் கொடுத்துவிட்டேன்." படத்தில் இருந்தது ஐயா வீட்டுத் தோட்டத்தின் அட்டைப் படம். உண்மைக் கணக்கின் மேலேயே புகார் போயிருந்தது! விசாரித்தால், இன்னும் பலர் அதையே செய்திருந்தார்கள்.

இதற்குக் காரணம் எளிது. பெயரும் படமும் இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். தேடினால் நண்பர்கள் அதிகம் உள்ள உண்மைக் கணக்குத்தான் முன்னால் வரும். அதனால் யாரும் தேடக் கூடாது. செய்தி வந்த உரையாடலிலிருந்தே அந்தப் பக்கத்துக்குப் போய், மூன்று புள்ளிப் பட்டியலில் `Copy link` எடுங்கள்.

கைபேசிச் செயலியில் எடுத்தால் பெரும்பாலும் `facebook.com/share/` என்று தொடங்கும் சுருக்க இணைப்புத்தான் கிடைக்கும். அதை உலாவியில் ஒருமுறை திறந்தால் மேலே முகவரிப் பட்டையில் முழு முகவரி தெரியும். போலிக் கணக்குகள் அவசரத்தில் உருவாக்கப்படுவதால், பயனர்பெயர் வைக்காமல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

```
facebook.com/profile.php?id=...
```

அந்த எண்தான் கணக்கின் உண்மையான அடையாளம். படத்தை மாற்றலாம், பெயரை மாற்றலாம், எண் மாறாது. அதை முழுதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரியில் எண்ணுக்குப் பதில் பயனர்பெயர் இருந்தால் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, உலாவியின் `View page source` வழியாகப் பக்க மூலத்தைப் பார்த்து, இதைத் தேடுங்கள்:

```
"userID":"
```

அதே மூலத்தில் `"USER_ID"` என்று பெரிய எழுத்தில் இன்னொன்றும் இருக்கும். அது பார்க்கிற ஆளின் எண், அதாவது உங்களுடையது. எடுத்த எண் சரிதானா என்று அறிய `facebook.com/` என்பதற்குப் பின்னால் அதைப் போட்டுத் திறந்து பாருங்கள். போலிப் பக்கம் வந்தால் சரி, உங்கள் பக்கம் வந்தால் தவறான எண்ணை எடுத்துவிட்டீர்கள்.

எண்ணைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று சொல்லும் தளங்களும் உலாவி நீட்சிகளும் நிறைய இருக்கின்றன. நான் எதையும் தொட மாட்டேன். அவற்றில் சில உங்களையே உள்நுழையச் சொல்லும். ஒரு மோசடியைத் துரத்தப் போய்க் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம்.

3. சாட்சியம், புகாருக்கு முன்பே

புகார் ஏற்கப்பட்டுக் கணக்கு நீங்கிவிட்டால் அந்தப் பக்கத்தை மறுபடி திறக்க முடியாது. காவல்துறையிடம் போகும்போது காட்ட ஒன்றும் இருக்காது. தனித்தனி ஸ்கிரீன்ஷாட்டுகளை விடத் திரைப் பதிவுக் காணொளிதான் எனக்குப் பிடித்தது. உரையாடலில் தொடங்கி, பணம் கேட்ட வரி, பணம் அனுப்பச் சொன்ன கணக்கு எண், அங்கிருந்து அந்தப் பக்கம், அதன் இணைப்பு என்று ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடுங்கள். எல்லாம் ஒரே கணக்கிலிருந்து வந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

படத்தை வைத்துத் தேடும் கருவிகளை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். அந்தப் படம் எந்த விழாச் செய்தியிலிருந்து எடுக்கப்பட்டது என்று வேண்டுமானால் சொல்லும். போலிக் கணக்கு எங்கே என்று காட்டாது.

4. யார் புகார் கொடுப்பது

நூறு பேர் பொத்தானை அழுத்துவதை விட, படத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் சரியான பிரிவில் புகார் கொடுப்பது மேல். இன்ஸ்டாகிராமில் இது விதியாகவே இருக்கிறது: ஆள்மாறாட்டப் புகார் பாதிக்கப்பட்டவரிடமிருந்தோ அவருடைய பிரதிநிதியிடமிருந்தோ வந்தால்தான் பதில் சொல்வார்கள்.

முகநூலில் `Report profile` போய், வேறொருவராக நடிக்கிறார் என்ற பொருள் வரும் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொற்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். விளம்பரத் தொல்லை என்ற பிரிவுக்குப் போய்விடாதீர்கள். அதில் யாருடைய படம் திருடப்பட்டது என்று சொல்ல இடமே இல்லை. அடுத்து யாராக நடிக்கிறார் என்று கேட்கும். சொந்தக்காரர் "நான்" என்று தேர்வு செய்வார். நீங்கள் கொடுத்தால் "நண்பர்" என்று தேர்வு செய்து அவருடைய உண்மைக் கணக்கைக் காட்ட வேண்டும். நண்பர் பட்டியலிலிருந்து எடுக்கும்போது நிதானம் தேவை. போலிக்கணக்கின் நட்பு அழைப்பை நீங்கள் ஏற்கெனவே ஏற்றிருந்தால், பட்டியலில் இரண்டு பேருமே இருப்பார்கள்.

ஐயா வீட்டுக்குப் போய் அவர் கைபேசியிலேயே புகார் கொடுக்கப் பார்த்தேன். இணைப்பைத் திறந்தால் பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது. "போய்விட்டது போலிருக்கிறதே தம்பி" என்றார். என் கைபேசியில் அது நன்றாகத் திறந்தது. போலிக் கணக்கு செய்பவர்கள் முதல் வேலையாக உண்மையானவரைத் தடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் படத்துக்குச் சொந்தக்காரருக்கு விஷயமே கடைசியில் தெரிகிறது. இந்த நிலையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. தடுக்கப்படாத நண்பர் ஒருவர் "நண்பர்" பிரிவில் புகார் கொடுக்கலாம். அல்லது உதவி மையத்தில் ஆள்மாறாட்டத்துக்கென்று இருக்கும் படிவத்தைச் சொந்தக்காரரே நிரப்பலாம். அதில் போலிப் பக்கத்தின் இணைப்பும் அரசு அடையாள அட்டையின் படமும் கேட்பார்கள். முகநூலில் கணக்கே இல்லாதவருக்கும் அந்தப் படிவம்தான். நாங்கள் இரண்டையும் செய்தோம். இரண்டாம் படியில் எழுதி வைத்த இணைப்பு இங்கேதான் கைகொடுத்தது.

5. எச்சரிக்கைப் பதிவு

"என் பெயரில் போலி உலவுகிறது, நம்ப வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் மக்கள் மறுபடி பெயரைத் தேடத்தான் போவார்கள். ஐயாவின் பக்கத்தில் நாங்கள் போட்டது இது:

"இதுதான் என் ஒரே கணக்கு. என்னிடமிருந்து புதிதாக நட்பு அழைப்பு வந்தால் ஏற்க வேண்டாம். நான் செய்தியில் யாரிடமும் பணம் கேட்பதில்லை. அப்படி வந்தால், உங்களிடம் முன்பே உள்ள என் எண்ணில் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பெயரைத் தேடிப் புகார் கொடுக்க வேண்டாம். செய்தி வந்த பக்கத்தின் இணைப்பை எனக்கு அனுப்புங்கள்."

முன்பே உள்ள எண் என்பது முக்கியம். போலி ஆள் "இது என் புது எண்" என்று ஒன்றைக் கொடுப்பார்.

6. நண்பர் பட்டியலை மூடுங்கள்

பொது வாழ்வில் இருப்பவர் படத்தை ஒளித்து வைக்க முடியாது. செய்தியில் வரும், விழாப் பதாகையில் வரும். ஆனால் படம் மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரால் பணம் கேட்க முடியாது. யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும். அதைக் கொடுப்பது திறந்து கிடக்கும் நண்பர் பட்டியல்தான். அமைப்புகளில் நண்பர் பட்டியலை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் `Only me` வையுங்கள். இருவருக்கும் பொதுவான நண்பர்கள் அப்போதும் தெரிவார்கள். பொதுப் பதிவுகளில் கருத்து எழுதுபவர்களின் பெயர்களும் தெரியும். ஆனாலும் பெரிய கதவு மூடிவிடுகிறது.

பின்சேர்க்கை: வாட்ஸ்அப்பில் வந்தால்

கருத்துப் பகுதியில் ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய துறைத் தலைவர் படத்தை வைத்த ஒரு புது எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது. புகார் கொடுத்தார், உரையாடலே அழிந்துவிட்டது. புகார் கொடுக்கும்போது, தடுத்து உரையாடலை நீக்கவும் என்ற தேர்வு கூடவே வருகிறது. அதைக் கவனிக்காமல் சரி என்றால் உங்கள் கைபேசியிலிருந்து எல்லாம் போய்விடும். நிறுவனத்துக்குப் போவது அந்த எண்ணிலிருந்து வந்த கடைசி ஐந்து செய்திகள்தான். எனவே முதலில் `Export chat` செய்து, செய்திகளை நேரத்தோடு கோப்பாக உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். எண்ணையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முகப்புப் படத்தைப் பெரிதாக்கி ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாத கைபேசிகளில், இன்னொரு கைபேசியால் படம் எடுத்தால் போதும்.

இன்னொரு பின்சேர்க்கை

ஐந்து வாரம் கழித்து ஐயா பெயரில் இரண்டாவது கணக்கு வந்தது. இந்த முறை நட்பு அழைப்பு போனது அவர் பதிவுகளில் கருத்து எழுதும் சிலருக்கு மட்டும். அவர்களில் ஒருவர் எதுவும் பேசாமல் எண்ணோடு இணைப்பை அனுப்பினார். அவரையே "நண்பர்" பிரிவில் புகார் கொடுக்கச் சொன்னோம். ஐயா தன் கைபேசியில் படிவத்தைத் தானே நிரப்பிவிட்டு, "அனுப்பிவிட்டேன் தம்பி" என்று எனக்கு அழைத்துச் சொன்னார்.