ஏற்றுமதி போன் பேச்சைக் குறிப்பெடுக்கும்போது நழுவும் மூன்று சொற்கள்

மண்ணடியில் ஓர் அரிசி ஏற்றுமதி அலுவலகத்தில் எனக்கு வேலை. முதலாளியும் வாங்குபவரும் பேசிய பதிவைக் கேட்டு ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். செங்குன்றம் ஆலைக்கு ஆர்டர் போவதும், வாங்குபவரின் வங்கி எங்களுக்குப் பணம் தருவதாக உறுதி சொல்லும் எல்.சி. என்ற பத்திரத்துக்கான விவரம் போவதும் அந்தக் குறிப்பை வைத்துத்தான். துபாய்க்காரர் ஒருவர் பொன்னி புழுங்கல் கேட்ட 17 நிமிடப் பேச்சை நான் இப்படிச் சுருக்கினேன்: "100 டன், 4,000 பை. ஈரப்பதம் 13%. ஆகஸ்ட் 31." எண் எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன். ஆனால் எண்ணோடு ஒட்டியிருந்த சொல்லை விட்டுவிட்டேன்.

அவர் சொன்னது "ஒரு நூறு டன் போட்டுக்குங்கண்ணே" என்று. அந்த "ஒரு" நம் பேச்சில் ஏறக்குறைய என்ற பொருளில் வருவது. எல்.சி.க்குப் போகும்போது இது சின்ன விஷயம் இல்லை. வங்கிகள் பின்பற்றும் யு.சி.பி. 600 விதிகளின்படி அளவுக்கு முன்னால் "சுமார்" என்று இருந்தால் 10% கூடலாம், குறையலாம். அதாவது 90 முதல் 110 டன் வரை. வெறும் "100 டன்" என்றிருந்தால், கேட்கும் பணம் எல்.சி. தொகையைத் தாண்டாதவரை 5% வித்தியாசத்தை ஏற்பார்கள். ஆனால் "4,000 பை" என்று எண்ணிக்கையாக எழுதிவிட்டால் அந்த 5% சலுகையும் கிடையாது. நான் விளக்கத்துக்காகச் சேர்த்த பை எண்ணிக்கைதான் எங்கள் கையைக் கட்டியிருக்கும். 25 கிலோ பையா என்று பேச்சில் யாரும் கேட்கவே இல்லை. அது நானாக வகுத்துப் போட்ட கணக்கு. பேச்சில் இல்லாததைக் குறிப்பில் சேர்ப்பதும் தவறுதான்.

அடுத்து ஈரப்பதம். இதில்தான் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். அவர் 12 கேட்டார். முதலாளி, "மழைக்காலம், 13 தான் முடியும்" என்றார். அந்தப் பக்கம் "சரி சரி, பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பையில் என்ன அச்சடிப்பது என்று பேச்சு மாறிவிட்டது. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நான்கு நாள் கழித்து வந்த ஒப்பந்தத்தில் 12% என்றே இருந்தது. போனில் வரும் "சரி" பல நேரம் "காதில் விழுந்தது" என்பதோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு எண்ணை அவர் வாயாலேயே திரும்பச் சொன்னாரா, அல்லது "அப்படியே அனுப்புங்க" என்றாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது ஒப்புக்கொண்டது ஆகாது. "கேட்டது 12, சொன்னது 13, முடிவாகவில்லை" என்றுதான் எழுத வேண்டும். ஈரப்பதத்தை எங்கே அளப்பது என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். சென்னையில் ஏற்றும்போது சர்வேயர் எடுக்கும் அளவே இறுதியா, துபாயில் பிரித்துப் பார்ப்பதா? கடல் பயணத்தில் கன்டெய்னருக்குள் நீர் கோத்து அரிசி ஈரம் இழுக்கலாம். அதனால் இடம் சொல்லாத 13%, பாதி நிபந்தனைதான்.

மூன்றாவது "ஆகஸ்ட் கடைசி". நான் அதை 31 ஆக்கினேன். யு.சி.பி.யில் மாதக் கடைசி என்றால் 21 முதல் மாத இறுதி வரை. அதைவிடப் பெரிய சிக்கல், எது ஆகஸ்ட் கடைசியில் என்பது. ஆலையில் கன்டெய்னர் நிரப்பும் நாள் ஒன்று. துறைமுகத்தில் கன்டெய்னர் உள்ளே போகவேண்டிய கெடு ஒன்று. கப்பலில் ஏறிய நாள் ஒன்று. துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் இறங்கும் நாள் இன்னொன்று. எல்.சி.யில் ஷிப்மென்ட் தேதி என்று வங்கி பார்ப்பது, கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் கப்பலில் ஏறியதாகக் காட்டும் தேதியை. விலை சி.ஐ.எஃப். ஜெபல் அலி, அதாவது அந்தத் துறைமுகம் வரை கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்ந்த விலை என்றாலும் இது மாறாது. பதிவை மறுபடி கேட்டால் அவர் சொன்னது "ஆகஸ்ட் கடைசியில கடைக்கு வந்துரணும்" என்று. அப்படியானால் கப்பல் அதற்கு வெகு முன்னமே கிளம்ப வேண்டும்.

இப்போது அதே பேச்சை இப்படி எழுதுவேன்:

"அளவு: 'ஒரு நூறு டன்' (02:10, வாங்குபவர்). கூடுதல் குறைவு பேசவில்லை. பை எடை பேசவில்லை. ஈரப்பதம்: கேட்டது 12% (06:40), நாம் சொன்னது 13% (06:55), பதில் 'பார்த்துக்கலாம்'. முடிவாகவில்லை. அளக்கும் இடம் பேசவில்லை. தேதி: ஆகஸ்ட் கடைசியில் துபாய் கடைக்குச் சேர வேண்டும் (11:30). கப்பல் ஏறும் கடைசி நாள் பேசவில்லை."

நிமிடக் குறிப்பு இருப்பதால் சந்தேகம் வந்தால் 17 நிமிடத்தையும் கேட்கத் தேவையில்லை. முதலாளிக்கு முதலில் இது பிடிக்கவில்லை, "என்னப்பா, எல்லாம் பேசவில்லை பேசவில்லைனு எழுதியிருக்க" என்றார். அப்புறம் அந்த நான்கு "பேசவில்லை"யையும் பார்த்தபடியே துபாய்க்கு மறுபடி போன் போட்டார்.