ரிங்கிட் சரியும்போது நாம் பார்க்கத் தவறும் இடம்

2016 நவம்பர் கடைசி வாரத்தில், கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்தில் மசாலாப் பொருள் இறக்குமதி செய்யும் ஓர் அண்ணன் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். நான் அப்போது ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தேன். "தம்பி, டாலர் 4.46க்குப் போய்விட்டது. ஐந்தாகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் இன்றைக்கே ஒரு லட்சம் டாலர் வாங்கிவிடுகிறேன்" என்றார். அவர் கொடுக்க வேண்டியிருந்த பாக்கி 40,000 டாலர்தான். மீதி 60,000 டாலர் இனி வரப்போகும் சரக்குக்கு என்று சொன்னார்.

மூன்று வாரத்துக்கு முன்னால், அமெரிக்க அதிபர் தேர்தல் நாளன்று, டாலர் சுமார் 4.20 ரிங்கிட்டில் இருந்தது. இடைப்பட்ட நாட்களில் மலேசியாவின் ஏற்றுமதி நின்றுவிடவில்லை. தொழிற்சாலை எதுவும் மூடப்படவில்லை. நடப்புக் கணக்கில் உபரி இருந்தது, அதாவது வெளிநாட்டு வணிகத்தில் வருவது போவதைவிட அதிகமாக இருந்தது. அப்படியிருந்தும் ரிங்கிட் ஏன் இவ்வளவு வேகமாக விழுந்தது? அன்று பலர் செய்த தவறுகளுக்குக் காரணம், இந்தக் கேள்விக்கான விடையைத் தவறான இடத்தில் தேடியதுதான்.

வெளிநாட்டு மூலதனம் ஒரு நாட்டுக்குள் வந்துகொண்டிருந்து சட்டென்று வரத்து நின்றுபோவதைப் பொருளியலில் 'திடீர் நிறுத்தம்' என்பார்கள். 1990களின் இறுதியில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த பொருளியலாளர் கில்லர்மோ கால்வோ இதன் கணக்கை விளக்கி எழுதினார். கணக்கு எளிமையானது. ஒரு நாடு ஈட்டுவதைவிட அதிகமாக வெளியே செலவிடுகிறது என்றால், அந்தப் பற்றாக்குறையை வெளிநாட்டார் கொண்டுவரும் பணம் நிரப்புகிறது. அந்தப் பணம் நின்றால் மத்திய வங்கியின் கையிருப்பு கரைய வேண்டும், அல்லது நாணயம் விழுந்து, இறக்குமதி சுருங்கி, பற்றாக்குறையே மறைய வேண்டும். மலேசியா 1997இல் பார்த்தது இதைத்தான். அதற்கு முந்தைய ஆண்டில் நடப்புக் கணக்கின் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் நான்கு, ஐந்து சதவீத அளவில் இருந்தது. 1998இல் அது சுமார் 13 சதவீத உபரியாகப் புரண்டது. கேட்பதற்கு நல்ல செய்தி போலத் தோன்றும். உண்மையில் அது இறக்குமதி செய்யக் காசில்லாமல் போனதன் அடையாளம். அந்த ஆண்டில் பொருளாதாரம் 7.4 சதவீதம் சுருங்கியது.

இந்த 1997 பாடத்திலிருந்துதான் முதல் தவறு பிறக்கிறது. 'அன்று பற்றாக்குறை இருந்தது, விழுந்தோம். இப்போது உபரி இருக்கிறது, விழமாட்டோம்' என்ற முடிவு அது. 2014 முதல் 2016 வரை இதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். உபரி என்பது இந்த ஆண்டின் வரவு செலவு. வெளிநாட்டாரிடம் ஏற்கெனவே குவிந்திருக்கும் சொத்து அதில் தெரியாது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் குடும்பத்தில்கூட, கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் வாசலில் வந்து நின்றால் அந்த மிச்சம் எந்த மூலைக்கு?

2016 அக்டோபரில் மலேசிய அரசாங்கக் கடன் பத்திரங்களில் ஏறத்தாழ பாதி வெளிநாட்டார் கையில் இருந்தது. இந்தக் கடன் ரிங்கிட்டில் எழுதப்பட்டது. டாலரில் கடன் வாங்கி, நாணயம் விழுந்ததும் கடன் சுமை இரட்டிப்பான மற்ற நாடுகளின் கதை இதில்லை, எனவே அரசாங்கத்துக்கு ஆபத்து குறைவு என்பது உண்மைதான். ஆனால் நாணய ஆபத்து அதனால் மறைந்துவிடவில்லை, தோள் மாறியது அவ்வளவுதான். பத்திரத்தை வைத்திருக்கும் நியூயார்க் நிதி மேலாளரின் தோளில் அது ஏறிக்கொண்டது. ரிங்கிட் விழுந்தால் நட்டம் அவருக்கு. எனவே முதல் அறிகுறியிலேயே தப்பிக்கப் பார்ப்பார்.

அவர் எப்படித் தப்பிப்பார்? பத்திரத்தை விற்றுவிட்டுப் போவார் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இது இரண்டாவது தவறு, என் பார்வையில் இதுவே முக்கியமானதும்கூட. பத்திரத்தை விற்பது அவருடைய கடைசி நடவடிக்கை. முதலில் அவர் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே ரிங்கிட்டை மட்டும் முன்கூட்டி விற்றுவிடுகிறார். இதற்கு ஒரு சந்தை சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருந்தது. ஒரு மாதம் கழித்து என்ன விலையில் ரிங்கிட்டை விற்பது என்று இருவர் ஒப்பந்தம் செய்துகொள்வார்கள். நாள் வந்ததும் ஒரு ரிங்கிட்கூடக் கைமாறாது. ஒப்பந்த விலைக்கும் அன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் டாலரில் தீர்த்துக்கொள்வார்கள். இதை ஒப்படைப்பில்லா முன்பேரம் என்று சொல்லலாம்.

இப்படி ஒரு வினோதமான சந்தைக்கு இடம் கொடுத்தது 1998. அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி மலேசியா மூலதனக் கட்டுப்பாட்டை அறிவித்து, வெளிநாட்டில் ரிங்கிட் வணிகத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. மறுநாள் டாலருக்கு 3.80 என்று விலை நிலைநிறுத்தப்பட்டது. அந்த நிலை 2005 ஜூலை வரை நீடித்தது. விலை விடுவிக்கப்பட்ட பிறகும் ரிங்கிட்டை நாட்டுக்கு வெளியே ஒப்படைக்க முடியாது என்ற விதி நீங்கவில்லை. ஒப்படைக்க முடியாத நாணயத்துக்கு ஒப்படைப்பில்லா சந்தைதானே வளரும்!

போகிற போக்கில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1998 கட்டுப்பாடுதான் ரிங்கிட் சரிவை நிறுத்தியது என்று இன்றும் தேநீர்க்கடைகளில் உறுதியாகப் பேசுவார்கள். ரிங்கிட் 4.88 என்ற அடிமட்டத்தைத் தொட்டது அதே ஆண்டு ஜனவரியில், கட்டுப்பாட்டுக்கு எட்டு மாதம் முன்பு. வட்டியைக் குறைக்கவும் மூச்சு விடவும் கட்டுப்பாடு இடம் தந்தது என்பதை நான் ஏற்கிறேன். போகவேண்டிய பணத்தில் பெரும்பகுதி அதற்குள் போய்விட்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2016க்கு வருவோம். நியூயார்க் மேலாளர் முன்பேரத்தில் ரிங்கிட்டை விற்கும்போது, எதிர்ப்பக்கம் வாங்கிய வங்கிக்கு அந்தச் சுமை வந்து சேர்கிறது. அந்த வங்கி அதை இறக்கிவைக்க மற்றொரு வங்கியிடம் விற்கும். கடைசியில் அந்த விற்பனை அழுத்தம் கோலாலம்பூர்ச் சந்தை விலையையும் இழுத்துவிடும். ஒரு பத்திரம்கூட விற்கப்படாமலே ரிங்கிட் விழும் வழி இது. நவம்பரில் சில நாட்கள் சிங்கப்பூர், லண்டன் வெளிச்சந்தை விலை ஓரிடத்தில், உள்நாட்டு விலை வேறிடத்தில் நின்றதை நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளி விரிவதுதான் திடீர் நிறுத்தத்தின் மிக முந்திய அறிகுறி.

மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அந்த வெளிச்சந்தையில் ஈடுபடக்கூடாது என்று வங்கிகளைக் கட்டுப்படுத்தியது. நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாணய நட்டத்துக்கு எதிராக இப்படிக் காப்பு எடுக்கும் வழி சட்டென்று குறுகியபோது, காப்பு இல்லாமல் பத்திரத்தை வைத்திருக்க விரும்பாதவர்கள் பத்திரத்தையே விற்றார்கள். பத்திர விலை விழ, பத்தாண்டுப் பத்திரத்தின் வருவாய் வீதம் ஒரே மாதத்தில் சுமார் 3.6 சதவீதத்திலிருந்து 4.3ஐத் தாண்டியது. டிசம்பர் 2ஆம் தேதி அடுத்த நடவடிக்கை வந்தது. ஏற்றுமதியாளர்கள் தங்கள் ஏற்றுமதி வருவாயில் 75 சதவீதத்தை ரிங்கிட்டாக மாற்ற வேண்டும் என்று விதித்தார்கள். உள்நாட்டுச் சந்தையில் காப்பு எடுப்பதும் எளிதாக்கப்பட்டது. வெளியே அடைத்த வாசலுக்குப் பதிலாக உள்ளே ஒரு வாசல் திறந்தார்கள். இரண்டும் ஒரே நாளில் நடந்திருந்தால் பத்திரச் சந்தை அவ்வளவு அடி வாங்கியிருக்காது என்பது என் கருத்து.

மூன்றாவது தவறு கையிருப்பைப் பற்றியது. அந்த நவம்பர் முடிவில் பேங்க் நெகாராவிடம் சுமார் 96 பில்லியன் டாலர் கையிருப்பு இருந்தது. பல மாத இறக்குமதிக்குப் போதும் என்று செய்தி வந்தது. இறக்குமதி மாதக் கணக்கு, கப்பல் வராமல் போகுமா என்ற கேள்விக்கான விடை. மூலதனம் வெளியேறும்போது ஒப்பிடவேண்டியது குறுகிய காலக் கடனோடும், வெளிநாட்டார் வைத்திருக்கும் பத்திரங்களோடும். அவற்றில் எவ்வளவு எந்த மாதத்தில் முதிர்வடைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதிர்ந்த பத்திரத்துக்குக் கிடைத்த ரிங்கிட்டை மேலாளர் மறுபடி முதலீடு செய்யாமல் டாலராக மாற்றினாலே போதும். விற்பனையே இல்லாமல் வரத்து நின்றுவிடும்.

சரி, அண்ணனின் கணக்கு. நவம்பர் தொடக்கத்தில் விலைச்சீட்டு வந்தபோதே 90 நாள் முன்பேரம் எடுத்திருந்தால், அன்றைய இரு நாட்டு வட்டி வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால், அவருக்குச் சுமார் 4.22 விலை கிடைத்திருக்கும். 40,000 டாலருக்கு 1,68,900 ரிங்கிட் ஆகியிருக்கும். அன்றைய நேரடி விலையைவிட ஏறக்குறைய 900 ரிங்கிட் கூடுதல். காப்பின் விலை அவ்வளவுதான். 'உபரி இருக்கிறது, விழாது' என்ற நம்பிக்கையில் அந்த 900ஐ மிச்சம் பிடித்தார். 4.46இல் வாங்கியபோது 1,78,400 ஆனது.

அந்தப் பாக்கி கட்டியே தீர வேண்டியது, எனவே அதை வாங்கியதில் தவறில்லை. நான் தடுத்தது மீதி 60,000 டாலரை. கேட்கவில்லை. வரத்து நின்ற வாரத்தில் விலையைத் தீர்மானிப்பது அவசரமாக வெளியேறுபவர்கள். அந்த அவசரம் தீர்ந்ததும் ஏற்றுமதியின் டாலர் மறுபடி கண்ணுக்குத் தெரியும். உபரி உள்ள நாட்டுக்கு உபரி உதவுவது அப்போதுதான், விழுவதைத் தடுப்பதில் இல்லை. 2017 முடிவில் டாலர் சுமார் 4.06க்கு இறங்கியது. டாலர் கணக்கில் அப்படியே கிடந்த அந்த 60,000இல் அவருடைய நட்டம் 24,000 ரிங்கிட்.

எல்லாச் சரிவையும் திடீர் நிறுத்தம் என்று அழைப்பதும் தவறுதான். 2024 பிப்ரவரியில் டாலர் 4.80 வரை போனபோது பினாங்கிலிருந்து உறவினர்கள், 98 திரும்பிவிட்டதா என்று கேட்டார்கள். அமெரிக்க வட்டி ஐந்தே கால் சதவீதத்துக்கு மேல், இங்கே 3 சதவீதம். ஏற்றுமதியாளர்கள் ஈட்டிய டாலரை மாற்றாமல் வைத்திருந்தார்கள். கையிருப்பு கரைந்தோடவில்லை, பத்திரச் சந்தையில் ஓட்டமும் இல்லை. பல மாதங்கள் நகர்ந்து வந்த மெதுவான சரிவு அது. அந்தச் செப்டம்பர் முடிவுக்குள் டாலர் 4.12 அருகே வந்துவிட்டது.

அண்ணன் இப்போது விலைச்சீட்டு வந்த அன்றே பாதிக்கு முன்பேரம் எடுத்துவிடுகிறார். பேங்க் நெகாரா மாதம் இருமுறை வெளியிடும் கையிருப்புக் கணக்கையும், மாதந்தோறும் வரும் வெளிநாட்டார் பத்திர இருப்பையும் குறித்துவைக்க, கல்லாப்பெட்டிக்கு அருகில் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறார். சென்ற முறை போனபோது எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, முதிர்வுத் தேதிகளை எங்கே பார்ப்பது என்று கேட்டார்.