க்ரஸ்கல்–வாலிஸ் முடிவை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் மண், தேயிலை, சோலைக்காடு என்று களவேலை செய்யும் மாணவர்களின் ஆய்வேட்டு வரைவுகளில் அதே பிழைகள் வருடா வருடம் திரும்ப வருகின்றன. மென்பொருளைத் தப்பாக ஓட்டுவதில்லை; ஓட்டிய பிறகு எழுதும் நான்கு வரியில்தான் சறுக்குகிறார்கள்.

ஓர் உதாரணம். கோத்தகிரிப் பக்கம் மூன்று வகை நிலம்: சோலைக்காடு, தேயிலைத் தோட்டம், சீகை மரத் தோப்பு. வகைக்கு ஐந்து குழி. ஒவ்வொன்றும் 25 செ.மீ. சதுரம், 30 செ.மீ. ஆழம். அதில் எண்ணிய மண்புழுக்கள் (கணக்கைக் காட்டுவதற்காக நாமே வைத்துக்கொண்ட எண்கள்):

சோலை: 14, 17, 19, 22, 25
தேயிலை: 4, 6, 9, 12, 16
சீகை: 3, 5, 7, 10, 11

பதினைந்தையும் ஒன்றாக அடுக்கி 1 முதல் 15 வரை வரிசை எண் கொடுத்தால், சராசரி வரிசை எண் சோலைக்கு 12.8, தேயிலைக்கு 6.4, சீகைக்கு 4.8. க்ரஸ்கல்–வாலிஸ் சோதனையில் H = 8.96, விடுதலைப் பாகை 2, p = 0.011. மூன்றும் ஒன்றுபோல இல்லை என்பது வரை சரி. எது எதிலிருந்து வேறுபடுகிறது என்பதை இந்த H சொல்லாது.

ஜோடி ஜோடியாக மான்–விட்னி போட்டுவிட்டு, சொல்லாமல் விடுவது

இதுதான் மிகவும் எரிச்சலூட்டும் தவறு. மூன்று ஜோடிக்கும் தனித்தனியாக மான்–விட்னி ஓட்டி, 0.05-க்குக் கீழே வந்ததை எல்லாம் 'குறிப்பிடத்தக்கது' என்று எழுதிவிடுகிறார்கள். இதில் இரண்டு கோளாறு.

முதலாவது, வரிசை எண்ணே மாறிவிடுகிறது. 14 புழு கிடைத்த சோலைக் குழியைப் பாருங்கள். மொத்த அடுக்கில் அதன் வரிசை எண் 10. தேயிலையோடு மட்டும் அடுக்கினால் 5. சீகையோடு மட்டும் அடுக்கினால் 6. H எந்த அடுக்கிலிருந்து வந்ததோ அந்த அடுக்கைக் கலைத்துவிட்டு, அதன் தொடர்ச்சி என்று எழுதினால் அது பொருந்தாது. 1964-இல் வந்த டன் சோதனை அதே மொத்த வரிசை எண்களையே வைத்துக்கொள்கிறது. இங்கே எந்த ஜோடிக்கும் திட்டப்பிழை √(20 × 0.4) = 2.83. சோலை–தேயிலை வித்தியாசம் 6.4; ஆகவே Z = 2.26, p = 0.024. சோலை–சீகைக்கு Z = 2.83, p = 0.005. தேயிலை–சீகைக்கு Z = 0.57, p = 0.57.

இரண்டாவது, மூன்று ஒப்பீடு செய்தால் பொய்யாக ஒன்றாவது தேறும் வாய்ப்பு 5 சதவீதத்தில் நிற்காது, 14 சதவீதம் வரை ஏறலாம். அதனால் p-ஐத் திருத்த வேண்டும். எந்த முறையில் திருத்தினோம் என்று பெயரும் சொல்ல வேண்டும். ஏன் என்று இதே கணக்கில் தெரியும்: சோலை–தேயிலை p, ஹோல்ம் முறையில் 0.047, பான்ஃபெரோனி முறையில் 0.071. ஒன்றில் வேறுபாடு தேறுகிறது, மற்றதில் தேறவில்லை. முறையை முடிவு பார்த்த பிறகு தேர்ந்தெடுக்காதீர்கள். தரவு எடுக்கும் முன்பே எழுதிவையுங்கள்.

மான்–விட்னியே கூடாது என்பதில்லை. டன் சோதனையில் சீகைக் குழிகளின் எண்கள் சோலை–தேயிலை முடிவையும் அசைக்கும் என்பதால் அதை விரும்பாதவர்களும் உண்டு. எதைப் போட்டாலும் பெயரோடு, திருத்தத்தோடு எழுதுங்கள்.

```r
kruskal.test(puzhu ~ nilam, data = d)
FSA::dunnTest(puzhu ~ nilam, data = d, method = "holm")
```

`dunn.test` பொதியைப் பயன்படுத்தினால் கவனம்: அது இயல்பாக ஒருபக்க p-ஐத் தருகிறது. அதை 0.05-ஓடு ஒப்பிட்டால் தப்பு; 0.025-ஓடு ஒப்பிட வேண்டும்.

விளைவின் அளவுக்குப் பெயர் சொல்லாமல் விடுவது

n மொத்தக் குழிகள், k நில வகைகள் என்றால், எப்சிலான் வர்க்கம் H/(n − 1): இங்கே 8.96/14 = 0.64. ஈட்டா வர்க்கம் (H − k + 1)/(n − k): 6.96/12 = 0.58. தரவு ஒன்றே, எண் இரண்டு. 'விளைவு அளவு 0.64' என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு எது என்று தெரியாது. இவை மொத்தத்துக்குத்தான், ஜோடியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஜோடிக்கு எளிய வழி எண்ணிப் பார்ப்பதே. சோலைக் குழி ஒன்று, தேயிலைக் குழி ஒன்று என்று சேர்த்தால் 25 சேர்க்கை. 24-இல் சோலைக்கே புழு அதிகம். வரிசை-இருதொடர் கெழு (24 − 1)/25 = 0.92.

'இடைநிலைகள் வேறுபட்டன' என்பது

பரவல்களின் வடிவம் ஒன்றாக இருந்தால் மட்டும் அப்படி எழுதலாம்.

ஐந்து குழியும் ஒரே சரிவில்

அது ஒன்றையொன்று சாராத ஐந்து மாதிரி அல்ல.

எழுதும் வடிவம்

'மண்புழு எண்ணிக்கை நில வகைக்கு ஏற்ப வேறுபட்டது (க்ரஸ்கல்–வாலிஸ், H(2) = 8.96, n = 15, p = 0.011, எப்சிலான் வர்க்கம் 0.64). இடைநிலையும் கால்மான இடைவெளியும்: சோலை 19 (17–22), தேயிலை 9 (6–12), சீகை 7 (5–10). டன் சோதனை, ஹோல்ம் திருத்தம்: சோலை–சீகை Z = 2.83, p = 0.014; சோலை–தேயிலை Z = 2.26, p = 0.047; தேயிலை–சீகை Z = 0.57, p = 0.57.' தேறாத மூன்றாவது ஜோடியை வெட்டிவிடாதீர்கள். அதற்குப் பக்கத்தில் 'தேயிலையும் சீகையும் ஒன்றே' என்றும் எழுதாதீர்கள்; வகைக்கு ஐந்து குழி அதைச் சொல்லப் போதாது.