apple.com போலவே இருக்கும், ஆனால் apple.com அல்ல: டொமைன் பெயர்களில் ஒளிந்திருக்கும் வேற்று எழுத்துகள்

கீழே இரண்டு முகவரிகள் இருக்கின்றன.

```
apple.com
аррӏе.com
```

முதலாவது நாம் அறிந்த ஆங்கில எழுத்துகள். இரண்டாவதில் புள்ளிக்கு முன்னால் உள்ள ஐந்து எழுத்துகளில் ஒன்றுகூட ஆங்கிலம் இல்லை. ஐந்தும் ரஷ்ய மொழிக்கும் இன்னும் பல மொழிகளுக்கும் பயன்படும் சிரிலிக் எழுத்துகள். p போலத் தெரிவது ரஷ்ய மொழியின் 'ர'. l போல நிமிர்ந்து நிற்பது காகசஸ் பகுதி மொழிகளில் வரும் பலோச்கா என்ற எழுத்து. சூடோங் ஜெங் என்ற ஆய்வாளர் இந்தப் பெயரை உண்மையிலேயே பதிவு செய்து, 2017 ஏப்ரலில் அதைப் பற்றி எழுதினார். அன்றைய குரோமும் ஃபயர்பாக்ஸும் தங்கள் முகவரிப் பட்டையில் அதை apple.com என்று படிக்கும்படியே காட்டின.

இணையத்தின் பெயர்ப் பதிவு அமைப்புக்கு நடைமுறையில் a முதல் z வரை, 0 முதல் 9 வரை, ஒரு சிறு கோடு, இவ்வளவுதான் தெரியும். வேறு எழுத்தில் அமைந்த பெயர் ப்யூனிகோட் என்ற முறையில் மாற்றப்பட்டு, முன்னால் xn-- சேர்க்கப்பட்டுத்தான் உள்ளே போகிறது. அந்தப் போலிப் பெயரின் உண்மை வடிவம் xn--80ak6aa92e.com. பிரவுசர் நம் வசதிக்காக அதைத் திரும்ப எழுத்தாக்கிக் காட்டுகிறது. ஏமாற்று நுழைவது அந்த இடத்தில்தான்.

இதில் பலரும் செய்யும் முதல் தவறு, உற்றுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பது. m-க்குப் பதில் rn போட்டிருந்தால், o-வுக்குப் பதில் 0 போட்டிருந்தால் உற்றுப் பார்ப்பது உதவும். சிரிலிக்கின் а, е, о, р, с, х ஆகியவற்றுக்கு அது உதவாது. பெரும்பாலான எழுத்துருக்களில் இவற்றுக்கும் ஆங்கில எழுத்துகளுக்கும் ஒரே உருவம்தான். திரையை எவ்வளவு பெரிதாக்கினாலும் இல்லாத வேறுபாடு தெரியப்போவதில்லை.

பூட்டுச் சின்னத்தை நம்புவது அடுத்தது. "பூட்டு இருக்கிறதே" என்பதுதான் அடிக்கடி காதில் விழும் பதில். சாதாரணச் சான்றிதழ் வழங்குபவர், அந்த டொமைன் விண்ணப்பித்தவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதை மட்டுமே சோதிக்கிறார். போலிப் பெயரைப் பதிவு செய்தவர் அதன் உரிமையாளர்தானே. அவருக்கும் பூட்டு கிடைக்கும். பூட்டு சொல்வதெல்லாம், நடுவில் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை என்பது மட்டுமே. மறுமுனையில் இருப்பது திருடனாக இருந்தாலும் அது உண்மைதான்.

மூன்றாவது தவறு கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் செய்வது: "இதையெல்லாம் பிரவுசர் சரிசெய்துவிட்டது." பாதி உண்மை. ஒரே பெயருக்குள் ஆங்கிலமும் சிரிலிக்கும் கலந்திருந்தால் இன்றைய பிரவுசர்கள் xn-- வடிவத்தைக் காட்டும். ஜெங்கின் பெயரில் கலப்பே இல்லை, முழுக்க சிரிலிக் என்பதால்தான் அந்த விதி தூங்கியது. 2017-இல் வந்த குரோம் 58 அந்த ஓட்டையை அடைத்தது. ஃபயர்பாக்ஸ் அப்போது தன் வழக்கத்தை மாற்றாமல், வேண்டியவர்கள் தாங்களே மாற்றிக்கொள்ள ஓர் அமைப்பை மட்டும் விட்டுவைத்தது.

ஆனால் வேறு எழுத்துக்குப் போகாமலே இந்த வேலையைச் செய்யலாம். 2023 அக்டோபரில் வெளிவந்த கீபாஸ் சம்பவம் அப்படிப்பட்டது. கீபாஸ் என்பது கடவுச்சொற்களைச் சேமிக்கும் மென்பொருள்; அதன் தளம் keepass.info. கூகுள் தேடலில் வந்த ஒரு விளம்பரம், அதைச் சொடுக்கியவர்களை ķeepass.info என்ற தளத்துக்கு அனுப்பியது. முதல் எழுத்தின் காலடியில் ஒரு சிறு குறி இருப்பதைக் கவனியுங்கள். அது லாட்வியா நாட்டு மொழியில் வழங்கும் எழுத்து. அதுவும் லத்தீன் எழுத்துதான். எனவே கலப்பைத் தேடும் விதிக்கு அங்கே எதுவும் சிக்காது. அந்தத் தளம் கொடுத்தது தீங்கு நிரல் அடங்கிய நிறுவல் கோப்பு. இத்தகைய குறியைக் கண்ணால் பிடிக்க முடியும். ஆனால் இணைப்புக்குக் கீழே அடிக்கோடு இருந்தால் குறி கோட்டோடு ஒட்டிப்போகும், திரையில் விழுந்த தூசு என்றும் தோன்றும். ạ போன்று கீழே புள்ளி வைத்த எழுத்துகளும் இப்படியே.

அப்படியானால் எப்படிச் சோதிப்பது? இணைப்பைச் சொடுக்காதீர்கள். வலது பொத்தானை அழுத்தி முகவரியை நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். பல சமயம் அங்கேயே xn-- வெளிப்பட்டுவிடும். வெளிப்படவில்லை என்றால் அது நல்ல முகவரி என்று பொருளல்ல. கணினியில் பைத்தான் என்ற நிரல்மொழி இருந்தால் மேற்கோள் குறிகளுக்குள் அந்தப் பெயரை ஒட்டி இதை இயக்குங்கள்:

```
print(ascii('аррӏе.com'))
```

விடை இப்படி வரும்:

```
'\u0430\u0440\u0440\u04cf\u0435.com'
```

உண்மையான apple.com என்றால் எழுத்துகள் அப்படியே திரும்பி வந்திருக்கும். \u அல்லது \x என்று ஏதாவது தலைகாட்டினால் அந்த இடத்தில் ஆங்கில எழுத்து இல்லை. கீபாஸ் போலியில் முதல் எழுத்து \u0137 என்று வரும்.

ஃபயர்பாக்ஸ் பயன்படுத்துபவர்கள் கணினியில் ஒரே ஒருமுறை செய்யவேண்டிய வேலை இது: முகவரிப் பட்டையில் about:config என்று தட்டி, எச்சரிக்கையை ஏற்று, network.IDN_show_punycode என்பதைத் தேடி, அதை true ஆக்குங்கள். அதற்குப்பின் வேற்று எழுத்துப் பெயர் எதுவாயினும் xn-- என்றே தெரியும். கைபேசியில் இவ்வளவு பாடுபடுவது கடினம். வங்கி, மின்னஞ்சல் போன்ற தளங்களுக்கு வந்த இணைப்பை விட்டுவிட்டு, ஆங்கில விசைப்பலகையில் முகவரியை நீங்களே தட்டுவதுதான் வழி.

எல்லாவற்றையும்விட நல்ல காவலாளி பலரிடம் ஏற்கெனவே இருக்கிறது: கடவுச்சொல்லைத் தானாக நிரப்பும் பிரவுசர் வசதி. அது உருவத்தைப் பார்ப்பதில்லை, குறியீட்டைத்தான் ஒப்பிடுகிறது. சிரிலிக் а-வும் ஆங்கில a-வும் அதற்கு முற்றிலும் வேறு. ஆகவே போலித் தளத்தில் பெட்டி காலியாகவே நிற்கும். அப்போது "இன்றைக்கு இது ஏனோ வேலை செய்யவில்லை" என்று எரிச்சலோடு கடவுச்சொல்லை எடுத்துக் கையால் ஒட்டுவதுதான் மிகவும் விலை கொடுக்கவைக்கும் தவறு. எப்போதும் நிரம்பும் பெட்டி நிரம்பவில்லை என்றால், முதலில் முகவரியைச் சோதியுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: xn-- என்று கண்டாலே மோசடி என்று ஒதுக்குவது. .இந்தியா என்ற நம் முகவரி முடிவின் உள்வடிவமே xn--xkc2dl3a5ee0h தான். தமிழ்ப் பெயருள்ள தளத்துக்கு xn-- வருவது இயல்பு. ஆங்கிலப் பெயர் எனத் தோன்றும் ஒன்றுக்கு அது வந்தால்தான் சிக்கல்.

தமிழுக்குள்ளும் இந்த உருவ ஒற்றுமை இருக்கிறது. க-வும் தமிழ் எண் ௧-உம், உ-வும் ௨-உம், எ-வும் ௭-உம், அ-வும் ௮-உம் பல எழுத்துருக்களில் பிரித்தறிய முடியாதவை. எல்லாம் ஒரே தமிழ் எழுத்துத் தொகுதி என்பதால் கலப்பு விதி இவற்றிடமும் வாய் திறக்காது. மேலே சொன்ன பைத்தான் வரி இங்கேயும் செல்லும்: க என்றால் \u0b95, எண் ௧ என்றால் \u0be7. தமிழ்ப் பெயர் ஒன்றில் \u0be6 முதல் \u0bef வரை ஏதாவது வந்தால், எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் எண் உட்கார்ந்திருக்கிறது.