ரெஸ்யூமேயில் 2018–2020 என்று எழுதினால் எத்தனை மாதம்?

தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் ரெஸ்யூமேயை அனுப்பி, 'ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்' என்பார்கள். எழுத்துப்பிழை, தொலைபேசி எண்ணில் விட்டுப்போன இலக்கம் போன்றவை சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். நேர்காணலைத் தாண்டி, ஆஃபர் கையில் வந்த பிறகு வெடிக்கிற எண்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றை நானே எழுதி மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதையே அடுத்தவர் ரெஸ்யூமேயில் பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது.

மொத்த அனுபவம்: வருடத்தை மட்டும் எழுதிக் கூட்டுவது

சமீபத்தில் ஒரு பெண் அனுப்பிய ரெஸ்யூமேயின் முதல் வரி, '6 ஆண்டு அனுபவம்'. கீழே மூன்று வேலைகள்: 2018–2020, 2020–2022, 2022–2024. இரண்டும் இரண்டும் இரண்டும் ஆறு. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். பணியில் சேர்ந்த கடிதங்களையும் விடுவிப்புக் கடிதங்களையும் எடுத்து வரச் சொன்னேன்.

முதல் வேலையில் சேர்ந்தது 2018 நவம்பர் 12. விலகியது 2020 பிப்ரவரி 28. அதாவது 15 மாதமும் ஒரு பாதியும். இரண்டாவது வேலை 2020 ஆகஸ்ட் 3 முதல் 2022 மே 31 வரை. 22 மாதத்துக்கு இரண்டு நாள் குறைவு. மூன்றாவது 2022 ஜூன் 20 முதல் 2024 மார்ச் 15 வரை. 21 மாதம்கூட முழுதாக இல்லை. எல்லாம் சேர்த்தால் 4 வருடம் 10 மாதம், கூடப் பத்துப் பன்னிரண்டு நாள். ஆறு வருடம் என்று எழுதியதில் ஒரு வருடத்துக்கும் மேல் காணாமல் போய்விட்டது.

அவர் பொய் சொல்லவில்லை. வருடத்தை மட்டும் எழுதும்போது 2018-இன் கடைசி ஏழு வாரம் ஒரு முழு ஆண்டைப் போலத் தோற்றம் காட்டுகிறது. 2020-இல் மார்ச் முதல் ஜூலை வரை வேலை இல்லாத ஐந்து மாதமும் மறைந்துவிடுகிறது. ஆனால் பின்னணிச் சரிபார்ப்பு செய்கிறவர்களுக்கு உங்கள் எண்ணம் தெரியாது. பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு தருகிற தேதியையும் நீங்கள் கொடுத்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒத்துப்போகவில்லை என்றால் 'முரண்பாடு' என்று அறிக்கையில் எழுதுவார்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் முடிவெடுப்பது வேலை கொடுக்கிற நிறுவனம். இவர் விண்ணப்பிக்க நினைத்த வேலைக்குக் குறைந்தது ஐந்து வருட அனுபவம் கேட்டிருந்தார்கள். தகுதிக் கோட்டுக்கு இரண்டு மாதம் கீழே இருப்பவர், ஒரு வருடம் மேலே இருப்பதாகக் காட்டியிருக்கிறார். இதைச் சின்னக் கவனக்குறைவு என்று எந்த மேலாளரிடம் விளக்குவது?

எனக்கு நடந்ததும் இதே வகைதான். கடைசி வேலையின் முடிவுத் தேதியாக, ராஜினாமாவுக்குப் பிறகு கணக்கு முடித்துப் பணம் வந்த மாதத்தைப் போட்டிருந்தேன். உண்மையில் கடைசி வேலை நாள் அதற்கு இரண்டு மாதம் முன்னால். சேர வேண்டிய தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது கடிதம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. கடிதத்தில் ஒரு தேதி, ரெஸ்யூமேயில் வேறு தேதி. நான் எவ்வளவு விளக்கியும் அவர்கள் ஆஃபரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் முதலில் ஒரு தாள் எடுக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் சேர்ந்த நாள், கடைசி வேலை நாள், இரண்டையும் கடிதத்தைப் பார்த்து எழுத வேண்டும். நினைவிலிருந்து எழுதக் கூடாது. ராஜினாமா கொடுத்த நாளும் கடைசி வேலை நாளும் வேறு. விடுவிப்புக் கடிதத்தில் இருப்பதுதான் கணக்கு. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் மாதமும் நாளும் கணக்கிட்டுக் கூட்டுங்கள். இரண்டு வேலை ஒரே காலத்தில் ஓடியிருந்தால் அந்த மாதங்களை ஒருமுறைதான் எண்ண வேண்டும். கூட்டியதைக் கீழ்நோக்கியே முழுமையாக்குங்கள். 4 வருடம் 10 மாதம் என்றால் 'ஏறத்தாழ 5' என்றுகூட வேண்டாம், இருப்பதை அப்படியே எழுதலாம். ரெஸ்யூமேயில் மாதமும் ஆண்டும் இருந்தால் போதும். ஆனால் விண்ணப்பப் படிவம் நாள் வரை கேட்கும், கீழே கையெழுத்தும் கேட்கும். அப்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும். லிங்க்ட்இன் பக்கத்தையும் இதே தாளை வைத்துத் திருத்திவிடுங்கள். மூன்று இடத்தில் மூன்று தேதி இருப்பது, ஒரே இடத்தில் தவறாக இருப்பதைவிட மோசம்.

ஒப்பந்த வேலை என்றால் இன்னும் ஒரு சிக்கல். நீங்கள் உட்கார்ந்து வேலை பார்த்தது ஒரு நிறுவனத்தில், சம்பளம் போட்டது இன்னொரு நிறுவனம். சரிபார்ப்பவர்கள் உட்கார்ந்த இடத்தில் விசாரித்தால் 'இப்படி ஒருவர் எங்கள் பட்டியலில் இல்லை' என்ற பதில் வரலாம். சம்பளம் போட்ட நிறுவனத்தின் பெயரை முதலில் எழுதி, யாருக்காக வேலை செய்தீர்கள் என்பதை அடுத்து எழுதுங்கள். பழைய நிறுவனம் மூடப்பட்டிருந்தால் முதல் மாதச் சம்பளச் சீட்டையும் கடைசி மாதச் சம்பளச் சீட்டையும், அதே மாதங்களின் வங்கிக் கணக்கு அறிக்கையையும் எடுத்து வையுங்கள்.

அந்தப் பெண் மாதத்தோடு திருத்தி, ஐந்து மாத இடைவெளியை மறைக்காமல் அனுப்பினார். நேர்காணலில் அதைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. பதில் சொன்னார், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

சதவீதம்

'அறிக்கை தயாரிக்கும் நேரத்தை 300% குறைத்தேன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நேரத்தை 100 சதவீதத்துக்கு மேல் குறைக்கவே முடியாது. முன்பு 40 நிமிடம், இப்போது 10 நிமிடம் என்றார். அப்படியானால் நேரம் 75% குறைந்திருக்கிறது. வேகம்தான் நான்கு மடங்கு, அதாவது 300% கூடியிருக்கிறது. இரண்டையும் குழப்பிவிட்டார். '40 நிமிடத்திலிருந்து 10 நிமிடமாக' என்றே எழுதச் சொன்னேன். சதவீதமே தேவைப்படவில்லை.

இதே போல, பிழை விகிதம் 8%-லிருந்து 5%-க்கு வந்தால் சிலர் 3% குறைந்தது என்பார்கள், சிலர் 37.5% குறைந்தது என்பார்கள். கேட்கிறவருக்கு எதுவென்று புரியாது. இரண்டு முனைகளையும் எழுதிவிட்டால் வாதமே இல்லை. அப்புறம் இந்த எண்ணை எதிலிருந்து எடுத்தீர்கள், எத்தனை மாதத்துக் கணக்கு, அதில் உங்கள் பங்கு எது, இந்த மூன்றுக்கும் வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள். ஒன்றுக்காவது தடுமாறினால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

குழுவின் அளவு

உங்களுக்கு நேரடியாகக் கீழே இருந்தவர்கள் மட்டும். கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

மதிப்பெண்

சான்றிதழில் 7.96 என்றால் 7.96. அது 8 ஆகாது.

பழைய சம்பளம்

கேட்டால் மட்டும். சொன்னால் சம்பளச் சீட்டில் இருப்பது.