வெண்பொங்கல் 69 விநாடியில்: அளவும் நேரமும் குழப்பாத அனிமேஷன் சமையல் வீடியோ செய்வது எப்படி?

சமையல் வீடியோவை நாம் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பது ஒரு வகை. அடுப்படியில் கைப்பேசியைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்து, ஈரக்கையோடு எட்டிப் பார்த்தபடி சமைப்பது இன்னொரு வகை. இந்த விளக்கம் இரண்டாவது வகைக்கானது. அங்கே பார்க்கிறவருக்கு வேண்டியது மூன்றே விஷயங்கள்: இப்போது என்ன போட வேண்டும், எவ்வளவு, எவ்வளவு நேரம். இந்த மூன்றும் ஒரு பார்வையில் கிடைத்துவிட்டால் போதும்.

கருவியாக பவர்பாயின்ட்டை எடுத்துக்கொள்கிறேன். பலருடைய கணினியில் ஏற்கெனவே இருக்கிறது, படம் வரையத் தெரியாதவரும் வட்டம், செவ்வகங்களை வைத்தே வேலையை முடித்துவிடலாம். ஒரு ஸ்லைடில் இருக்கும் படத்தை அடுத்த ஸ்லைடில் அது இருக்கும் இடத்துக்குத் தானே நகர்த்திக் காட்டும் Morph என்ற வசதி அவசியம் வேண்டும். அது 2019 பதிப்பிலும் அதற்குப் பிந்தையவற்றிலும் மைக்ரோசாஃப்ட் 365-இலும் உண்டு. ஸ்லைடை அகலவாக்கிலேயே (16:9) வைத்துக்கொள்ளுங்கள். சாய்த்து வைத்த கைப்பேசி படுக்கைவசத்தில்தான் நழுவாமல் நிற்கும்.

முதலில் பேப்பரும் பேனாவும்

கணினியைத் திறப்பதற்கு முன் சமையல் குறிப்பைத் துண்டு துண்டாக வெட்டி எழுதுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு செயல். அதன் பக்கத்தில் அளவு, அடுப்பில் ஆகும் நேரம், வீடியோவில் தரப்போகும் விநாடி. 3 பேருக்கான வெண்பொங்கலை வெட்டினால் இப்படி வரும்:

1. தலைப்பு, "3 பேருக்கு" – 4 விநாடி
2. பாசிப்பருப்பு அரை கப், சிறு தீயில் 3 நிமிடம் வறுக்க – 6 விநாடி
3. பச்சரிசி 1 கப் சேர்த்துக் கழுவ – 4 விநாடி
4. தண்ணீர் 5 கப், உப்பு 1 டீஸ்பூன் – 7 விநாடி
5. குக்கர், 5 விசில் – 7 விநாடி
6. ஆவி அடங்கும் வரை காத்திருக்க – 5 விநாடி
7. தாளிப்பு – 24 விநாடி
8. கொட்டிக் கலக்க – 6 விநாடி
9. எல்லா அளவுகளும் அடங்கிய பட்டியல் – 6 விநாடி

மொத்தம் 69 விநாடி. தாளிப்பு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்வதைக் கவனியுங்கள். அடுப்பில் அது இரண்டு நிமிட வேலைதான், ஆனால் ஏழு பொருள் வரிசையாக விழுகிறது. குக்கர் வேலை அரை மணி நேரம் இழுத்தாலும் அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எனவே அடுப்பு நேரத்தைப் பார்த்து விநாடியைப் பங்கிடாதீர்கள். எத்தனை தகவல் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துப் பங்கிடுங்கள். ஓர் அளவைப் படித்து மனதில் வாங்கக் குறைந்தது மூன்று விநாடியாவது வேண்டும்.

அளவுப் பட்டியலை நான் கடைசியில் வைக்கிறேன். முதலிலேயே பதினோரு பொருளையும் அடுக்கிக் காட்டினால் யாருக்கும் நிற்காது. கடைசியில் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள்.

திரையில் மூன்று இடம்

இடது மேல் மூலை அளவுக்கு. வலது மேல் மூலை நேரத்துக்கு. நடுவில் பாத்திரமும் அதில் நடப்பதும், அதன் கீழே இரண்டு மூன்று சொற்களில் செயல்: "சிறு தீயில் வறுக்க." முதல் ஸ்லைடிலிருந்து கடைசி வரை இந்த இடங்கள் மாறக் கூடாது. இரண்டாவது படியிலேயே கண் பழகிவிடும், பிறகு தேடவே தேடாது. சேனல் லோகோ, மரப்பலகைப் பின்னணி, ஓரத்தில் வாழையிலை எல்லாம் வேண்டாம். வெளிர் நிறப் பின்னணி, கருமையான எழுத்து, அழுத்தமான ஒரே ஒரு நிறம் போதும். அந்த நிறத்தையும் கடிகாரத்துக்கு மட்டுமே ஒதுக்குங்கள்.

எழுத்தின் அளவு முக்கியம். அளவைக் காட்டும் எழுத்து 80 பாயின்ட், செயல் 54, எதுவுமே 40-க்குக் கீழே போக வேண்டாம். கணினியில் இது முரட்டுத்தனமாகத் தெரியும். கைப்பேசியில் 40 பாயின்ட் என்பது சுமார் 5 மில்லிமீட்டர் உயரம்தான். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற நேரான, சற்றுத் தடித்த எழுத்துரு நல்லது.

அளவு எழுதுவதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. "டீ.ஸ்பூன்", "டே.ஸ்பூன்" என்று சுருக்கி எழுதினால் தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்று 5 மில்லி, மற்றது 15 மில்லி. உப்பில் மாறினால் பொங்கல் வாயில் வைக்க முடியாது. அதனால் சிறிய கரண்டி, பெரிய கரண்டி என இரண்டு படங்களைத் தெளிவான அளவு வித்தியாசத்தில் வரைந்து, சொல்லுக்கு முன்னால் வையுங்கள். அதேபோல் "½" குறியில் இருக்கும் எண்கள் பொடியாகிவிடும். "அரை கப்" என்றே எழுதி, பாதி நிறைந்த கப்பை வரையுங்கள். அரிசி, பருப்பு, தண்ணீர் மூன்றுக்கும் ஒரே கப் படத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். ஐந்து கப் தண்ணீருக்கு அதே கப் ஐந்து முறை வரிசையாக நிற்கட்டும். எந்தக் கப்பாக இருந்தாலும் சரி, எல்லாவற்றுக்கும் ஒன்றையே எடுக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.

நேரத்தைக் காட்டுவது

இங்கேதான் ஆரம்பத்தில் எல்லாரும் தடுமாறுவது. வீடியோவின் நேரம் ஒன்று, அடுப்பின் நேரம் வேறு. 3:00, 2:59 என்று எண்கள் நான்கு விநாடியில் சரசரவென ஓடினால் பார்க்கிறவருக்கு எந்த எண்ணும் பிடிபடாது; நடுவில் நிறுத்தினால் "1:47" என்று சம்பந்தமில்லாத ஓர் எண் நிற்கும். எண் அசையக் கூடாது. "3 நிமிடம்" என்பது நிலையாக இருக்கட்டும், அதன் பக்கத்தில் ஒரு வட்டம் மட்டும் கரையட்டும்.

வட்டத்தைச் செய்வது எளிது. சாம்பல் நிற வட்டம் ஒன்று, அதன் மேல் அதே அளவில் ஆரஞ்சு வட்டம் ஒன்று. ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்து Animations > Add Animation > More Exit Effects > Wheel கொடுங்கள். Effect Options-இல் 1 Spoke, Start-இல் With Previous, Duration-இல் 04.00. ஆரஞ்சு கடிகார முள் போலச் சுற்றிக் கரைந்து சாம்பல் வட்டம் வெளிப்படும். Start-ஐ மாற்ற மறந்து On Click-லேயே விட்டால், வீடியோவாக்கும்போது வட்டம் எப்போது கரையும் என்பது உங்கள் கையில் இல்லை.

குக்கருக்கு இந்த வட்டம் வேண்டாம். ஐந்து விசில் எத்தனை நிமிடத்தில் வரும் என்பது குக்கரையும் தீயையும் பொறுத்தது. ஐந்து காலி வட்டங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொரு விநாடிக்கும் ஒன்றாக நிரப்புங்கள். ஆவி அடங்குவதற்கும் நிமிடக் கணக்கு எழுதாதீர்கள். "ஆவி தானாக அடங்கும் வரை" என்பதே சரியான அளவு. நிமிடம் நிச்சயமான இடத்தில் மட்டும் கடிகாரம் வருகிறது என்பதைப் பார்க்கிறவர் தானே புரிந்துகொள்வார்.

தாளிப்பை அசைய வைப்பது

ஏழு பொருளையும் ஒரே ஸ்லைடில் போட்டால் அது மளிகைச் சீட்டு. நான்காகப் பிரியுங்கள்: நெய் 3 டேபிள்ஸ்பூன், 4 விநாடி; முந்திரி 10, "பொன்னிறமாகும் வரை", 6 விநாடி; மிளகும் சீரகமும் தலா 1 டீஸ்பூன், "மிளகு பொரியும் வரை", 6 விநாடி; பொடியாக நறுக்கிய இஞ்சி 1 டீஸ்பூன், கறிவேப்பிலை ஒரு கொத்து, பெருங்காயம் ஒரு சிட்டிகை, 8 விநாடி.

முதல் ஸ்லைடில் வாணலியையும் நெய்யையும் வரையுங்கள். முந்திரிப் படத்தை ஸ்லைடின் எல்லைக்கு வெளியே, இடது பக்கம் வைத்துவிடுங்கள். பிறகு இடப்பக்கப் பட்டையில் அந்த ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து Ctrl+D அழுத்தினால் நகல் வரும். நகலில் முந்திரியை அளவின் பக்கத்தில் கொண்டுவந்து, Transitions-இல் Morph தேர்ந்தெடுத்து Duration 00.70 கொடுங்கள். முந்திரி தானே நகர்ந்து வரும். அதற்கடுத்த நகலில் அதை வாணலிக்குள் வைத்தால் உள்ளே விழும். அளவு எழுத்து அந்த ஸ்லைடில் அழிந்துவிட வேண்டும். வாணலிக்குள் விழுந்த பொருளின் அளவு இனி யாருக்கும் தேவையில்லை. திரை நெரிசலாகாமல் இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு பழக்கத்தால்தான்.

சில நேரம் முந்திரி நகராமல் மங்கி மறைந்து இன்னோர் இடத்தில் முளைக்கும். இரண்டு ஸ்லைடிலும் இருப்பது ஒரே பொருள்தான் என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். Alt+F10 அழுத்தி Selection Pane-ஐத் திறந்து, இரண்டு ஸ்லைடிலும் அதற்கு ஒரே பெயர் வையுங்கள். பெயர் இரண்டு ஆச்சரியக்குறிகளோடு தொடங்க வேண்டும்:

```
!!mundhiri
```

Morph-இன் Effect Options-இல் Objects என்பதையே விட்டுவிடுங்கள். Characters பக்கம் போனால் எழுத்துகள் தனித்தனியாகப் பறக்கும். கொம்பும் காலும் துணையெழுத்துமாகச் சேர்ந்து நிற்கிற தமிழுக்கு அது ஒத்துவராது. எழுத்து அரை விநாடிக்குள் வந்து நிற்கட்டும், பிறகு அசையவே வேண்டாம். அப்போதுதான் எந்த இடத்தில் நிறுத்தினாலும் படிக்க முடியும்.

ஆவி அடங்கும்போதே தாளிப்பு நடக்கிறது என்பதையும் Morph-ஐ வைத்தே காட்டலாம். தாளிப்பின் முதல் ஸ்லைடில் குக்கரைச் சிறிதாக்கிக் கீழ் இடது மூலையில் ஒதுக்குங்கள், வாணலி நடுவுக்கு வரட்டும். "அதே சமயம்" என்று எழுத வேண்டிய அவசியமே வராது.

விநாடி வைத்து வீடியோவாக்குவது

ஒவ்வொரு ஸ்லைடிலும் Transitions-இல் On Mouse Click குறியை எடுத்துவிட்டு, After-ஐ டிக் செய்து, காகிதத்தில் எழுதிய விநாடியைக் கொடுங்கள். முந்திரிபோல ஒரு படி இரண்டு ஸ்லைடாகியிருந்தால், அளவு தெரியும் ஸ்லைடுக்கே பெரும் பங்கு. Morph ஓடும் நேரம் தனி. 69 விநாடியைச் சற்றுத் தாண்டினால் பயப்பட வேண்டாம்.

பிறகு File > Export > Create a Video. Full HD (1080p), Use Recorded Timings and Narrations இரண்டையும் தேர்ந்தெடுங்கள். வந்த வீடியோவில் எல்லாப் படியும் ஒரே நீளத்தில் ஐந்தைந்து விநாடி ஓடினால், இரண்டாவது தேர்வு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

வெளியிடும் முன் கைப்பேசியில் ஏற்றி, ஒலியை அணைத்து, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, மூன்றடி தள்ளி நின்று ஒருமுறை பாருங்கள். பின்பு வெண்பொங்கல் செய்து பழக்கமில்லாத ஒருவரிடம் கொடுத்து, நினைத்த இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திய இடத்தில் என்ன போட வேண்டும், எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்த ஸ்லைடில் தகவல் கூடிவிட்டது, அல்லது விநாடி குறைந்துவிட்டது. இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் வரும் ஸ்லைடில்தான் இது அதிகம் நடக்கும். அதை இரண்டாகப் பிரித்து, இஞ்சிக்கு மட்டும் தனியாக நான்கு விநாடி கொடுத்துவிடுங்கள்.